"வலி உணர்வு உண்டு" என்று எழுதினேன்

கிராமத்தில் கால்நடை மருத்துவம் பார்ப்பவன் நான். மாடு, ஆடுதான் அதிகம். நாய்கள் அவ்வப்போது வரும். முதுகில் அடிபட்டு வரும் நாய்க்கு என்னால் செய்ய முடிவது கொஞ்சம்தான்: உயிரைப் பிடித்து வைப்பது, வலியைத் தணிப்பது, அசையாமல் கட்டிச் சிறப்பு மருத்துவமனைக்கு அனுப்புவது. அதோடு ஒரு கடிதம் எழுத வேண்டும். பல வருடங்களாக நான் கடிதத்தைக் கடைசியில், வண்டி ஸ்டார்ட் ஆன பிறகு, ஜன்னல் ஓரமாக நின்றபடி எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பழக்கத்தை விட்டதற்குக் காரணம் ஒரு தொலைபேசி அழைப்பு.

அந்த நாய் காலையில் வண்டியில் அடிபட்டு வந்தது. பின்னங்கால்கள் இரண்டும் செயலற்றுக் கிடந்தன. பாத விரலை அழுத்திப் பார்த்தேன். கால் வெடுக்கென்று உள்ளே இழுத்தது. கடிதத்தில் நாலே வரி எழுதினேன். அதில் ஒன்று: "பின்னங்கால்களில் வலி உணர்வு உண்டு." மாலையில் சிறப்பு மருத்துவமனையின் அறுவை மருத்துவர் அழைத்தார்.

"டாக்டர், நீங்க காலையில பார்த்தப்போ வலி இருந்ததா எழுதியிருக்கீங்க. இப்ப இங்க இல்லை. நீங்க பார்த்தது கால் இழுத்ததையா, நாய் திரும்பிப் பார்த்ததையா?"

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாயின் முகத்தை நான் பார்க்கவே இல்லை. குனிந்து காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் அடுத்து ஒன்று கேட்டார். "வீக்கத்துக்கு ஏதாவது போட்டீங்களா?" டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு போட்டிருந்தேன். கை பழக்கம். கடிதத்தில் எழுதவில்லை. அவர் கேட்காமல் விட்டு, மெலாக்ஸிகாம் போன்ற வழக்கமான வலி ஊசி ஒன்றையும் மேலே போட்டிருந்தால், ஸ்டீராய்டும் அதுவும் சேர்ந்து நாயின் வயிற்றிலோ குடலிலோ புண்ணைக் கிளப்பியிருக்கலாம். ஓட்டை விழும் அளவுக்கும் போகக்கூடிய புண் அது.

கால் இழுப்பதற்கும் வலி தெரிவதற்கும் உள்ள வித்தியாசம் கல்லூரியில் படித்ததுதான். பாத விரலைக் கிள்ளும்போது செய்தி நரம்பு வழியாக இடுப்புப் பகுதித் தண்டுவடத்துக்குப் போகிறது. அங்கேயே ஒரு திருப்பம் திரும்பி, தசைக்கு உத்தரவாக வந்து, கால் மடங்குகிறது. தலைமை அலுவலகத்துக்குக் கோப்பு போகாமலே கிளையிலேயே முடிந்துவிடுகிற வேலை. நடு முதுகில் தண்டுவடம் முழுக்கத் துண்டாகியிருந்தாலும் அதற்குக் கீழே உள்ள இந்தச் சுற்று வேலை செய்துகொண்டே இருக்கும். சில நாய்களில் வழக்கத்தைவிட வேகமாகக்கூட இழுக்கும். பார்க்கிறவர்களுக்கு நம்பிக்கை வரும். உடன் வந்தவர்கள் "பாருங்க, கால் அசையுது" என்பார்கள். ஆனால் வலி என்பது மூளை வரை போய்ச் சேர்ந்த செய்தி. அது போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி காலில் இல்லை, முகத்தில் இருக்கிறது. திரும்பிப் பார்ப்பது, முனகுவது, கடிக்க வருவது, குறைந்தபட்சம் கண்மணி விரிவது.

இந்த ஒரு விஷயத்தில்தான் முழு முடிவும் தொங்குகிறது. வண்டியில் அடிபட்டு முள்ளெலும்பு உடைந்து விலகி, விரல் எலும்பை அழுத்தினால் தெரிய வேண்டிய ஆழ்ந்த வலியும் போய்விட்ட நாய்களில் மறுபடி நடப்பவை நூற்றில் பத்துக்கும் குறைவு. வலி மீதமிருந்தால் கதையே வேறு. (முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டு பிதுங்கி வாதம் வந்த நாய் என்றால், வலி போன பிறகும் சீக்கிரம் அறுவை செய்தால் பாதிக்குப் பாதி நடக்கும். அதனால்தான் அடிபட்டதா, அடியில்லாமல் தானாகவே கால் விழுந்ததா என்பதையும் தெளிவாக எழுத வேண்டியிருக்கிறது.) காலையில் இருந்த வலி மாலையில் இல்லை என்றால் உள்ளே ஏதோ நகர்கிறது, நசுக்குகிறது, அவசரம் என்று பொருள். காலையிலேயே இல்லை என்றால் உரிமையாளரிடம் பேச வேண்டிய பேச்சே வேறு. என் ஒரு வரி இந்த இரண்டில் எது என்று சொல்லாமல் அவரைக் குழப்பத்தில் நிறுத்தியது. அந்த நாயை அவர்கள் காப்பாற்ற முடியவில்லை. என் கடிதம் சரியாக இருந்திருந்தாலும் முடிந்திருக்காது என்று அவர் சொன்னார். சொன்னது தாராள மனசு.

அதற்குப் பிறகு வந்த ஒரு நாயைப் பற்றித்தான் இங்கே எழுத வந்தேன்.

மூன்று வயது ஆண் நாய், 18 கிலோ. காலை 6:40-க்கு வேன் மோதியிருக்கிறது. 7:30-க்கு ஒரு வயதான அம்மாவும் அவருடைய பேரனும் சாக்கில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சாக்கு நடுவில் தொய்ந்து நாய் வில்லாக வளைந்திருந்தது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. முதலில் செய்தது, மருந்தறை அலமாரியில் இருந்த ஒரு பலகைத் தட்டைக் கழற்றி, சாக்கோடு சேர்த்து நாயை அதன்மேல் வழுக்கி ஏற்றியதுதான்.

"தம்பி, நாலு காலும் போச்சு. முன்னங்கால் பாருங்க, கட்டையாட்டம் விறைச்சுக் கெடக்கு" என்றார் பாட்டி.

உண்மைதான். முன்னங்கால்கள் இரண்டும் முன்னோக்கி நீண்டு விறைத்திருந்தன. பின்னங்கால்கள் துவண்டிருந்தன. இதைப் பார்த்து "நான்கு கால்களும் பாதிப்பு" என்று எழுதிவிட்டால், படிக்கிறவர் கழுத்தில் அடி என்று நினைப்பார். ஸ்கேனைக் கழுத்தில் தொடங்குவார். உண்மையில் இந்த விறைப்பு நடு முதுகுக்குப் பின்னால் திடீரென்று பலமான அடி விழும்போது வருவது. இடுப்புப் பகுதித் தண்டுவடத்தில் இருக்கும் சில நரம்பணுக்கள் வழக்கமாக முன்னங்கால்களின் விறைப்பை அடக்கி வைத்திருக்கும். நடுவில் பாதை அறுந்தால் அந்தக் கட்டுப்பாடு போய், முன்னங்கால் நீட்டிக்கொள்ளும். ஷிஃப்-ஷெரிங்டன் நிலை என்று இதற்குப் பெயர். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் பிழைக்குமா நடக்குமா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்லாது. சோதிப்பது சுலபம். முன்பாதத்தை மடித்து, புறங்கால் தரையில் படும்படி வைத்தேன். உடனே நேராக்கிக்கொண்டது. கிள்ளினால் இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்து உறுமியது. முன்னங்கால்கள் நன்றாகவே இருக்கின்றன.

ஆனால் இதற்கெல்லாம் முன்பு முதுகை மறந்துவிட்டு மற்றதைப் பார்க்க வேண்டும். வண்டியில் அடிபட்ட நாய் முதுகால் அன்று சாவதில்லை. நெஞ்சில் காற்று புகுந்தோ வயிற்றில் ரத்தம் கசிந்தோதான் சாகும். ஈறு வெளிறியிருந்தது, நாடி 160. மூச்சு இரண்டு பக்கமும் கேட்டது. ரத்தக்குழாயில் ரிங்கர் லாக்டேட் திரவம் 200 மில்லி விட்டேன், கால் மணி நேரத்தில். நாடி 130-க்கு இறங்கி, ஈறு ரோஜா நிறத்துக்குத் திரும்பிய பிறகுதான் நரம்புச் சோதனை. அதிர்ச்சியில் மயங்கிக் கிடக்கிற நாயின் விரலை நசுக்கி, அது திரும்பிப் பார்க்கவில்லை என்பதற்காக "வலி இல்லை" என்று எழுதினால் அது நாயின் மேல் சுமத்துகிற பொய்.

வலி ஊசியும் அதற்குப் பிறகுதான். இதில் மனசு இடறும். வலியில் துடிக்கிறதைப் பத்து நிமிடம் காக்க வைக்கிறோம். ஆனால் ஊசி போட்ட பிறகு மந்தமாகிவிட்டால், அதன் முகத்தை அப்புறம் யாராலும் படிக்க முடியாது.

8:10. பேரனைத் தலைமாட்டில் உட்கார வைத்தேன். "நீ காலைப் பார்க்காத. அதோட கண்ணை மட்டும் பாரு. என்ன செய்யுதுன்னு சொல்லு." முதலில் முன்னங்கால் விரல், இந்த நாய் வலிக்கு எப்படிக் காட்டும் என்று தெரிந்துகொள்ள. பிறகு பின்னங்கால். விரலிடுக்குத் தோலை மெல்லக் கிள்ளினேன். இரண்டு காலும் இழுத்தன. பையன் தலையை ஆட்டினான், ஒன்றும் இல்லை. அடுத்து ஆர்ட்டரி ஃபோர்செப்ஸை எடுத்து, இடது பாத விரல் எலும்பின் குறுக்கே வைத்து, மெதுவாக அழுத்தத்தைக் கூட்டினேன்.

"பார்த்துச்சு! உங்களைப் பார்த்துச்சு."

வலது பாதத்தில் அழுத்தி மூன்று, நான்கு எண்ணும் வரை ஒன்றுமில்லை. பிறகு காது பின்னால் போனது, மெதுவாகத் தலை திரும்பியது, உதட்டை நக்கிக்கொண்டது. விட்டுவிட்டேன். ஒரு முறை விடை கிடைத்த பிறகு மறுபடி நசுக்குவது கொடுமை.

பிறகு முதுகுத் தோல். பின்பக்கத்திலிருந்து முன்னோக்கி, முதுகெலும்பின் இரண்டு பக்கமும் தோலை ஃபோர்செப்ஸால் லேசாகக் கிள்ளிக்கொண்டே வந்தால், ஓர் இடத்திலிருந்து தோல் ஈ உட்கார்ந்த மாட்டுக்கு வருவதுபோல் வெடவெடக்கும். அந்தக் கோட்டுக்கு ஒன்றிலிருந்து நான்கு எலும்பு முன்னால்தான் பெரும்பாலும் அடி இருக்கும். நரம்புகள் தண்டுவடத்திலிருந்து கிளம்பிச் சரிவாகப் பின்னோக்கி ஓடித் தோலுக்கு வருவதால் அந்த வித்தியாசம். இந்த நாயில் வெடவெடப்பு, கடைசி விலாவுக்கு இரண்டு எலும்பு பின்னால் தொடங்கியது. அப்படியானால் அடி, கடைசி விலா பொருந்தும் 13-ஆம் மார்பு முள்ளெலும்பை ஒட்டி. விரலால் தடவியபோது அங்கேதான் நாய் வீறிட்டது. மேற்கொண்டு அழுத்தவில்லை.

சிறுநீர்ப்பை இறுகி நிறைந்திருந்தது. நடு முதுகில் அடிபட்டால் வாசல் தசை இறுகிக்கொள்ளும், வெளியேறாது. அடிபட்ட வயிற்றை அமுக்கிப் பிழிவது ஆபத்து. படுத்த வாக்கிலேயே குழாய் செருகி எடுத்தேன். 140 மில்லி, ரத்தம் இல்லை. கடிதத்துக்கு இது இரட்டை லாபம். பை கிழிந்திருக்க வாய்ப்பு குறைவு என்பதும் தெரிகிறது, கடைசியாக எப்போது காலியானது என்பதும் தெரிகிறது.

8:25-க்கு வலி ஊசி, ப்யூப்ரினார்ஃபின். அதன் பிறகு பலகையில் கட்டினேன். பட்டை தோள்மேல் ஒன்று, இடுப்பெலும்பின்மேல் ஒன்று. நெஞ்சுக்கூட்டின்மேல் கட்டினால் மூச்சு திணறும். வண்டியைக் கிளம்ப விடாமல், மேசையில் உட்கார்ந்து எழுதினேன். பத்து நிமிடம் ஆனது. எழுதியது இது:

> மதிப்பிற்குரிய டாக்டர்,
>
> 3 வயது ஆண் நாய், 18 கிலோ. இன்று காலை 6:40-க்கு வேன் மோதியது. உரிமையாளரின் பேரன் நேரில் பார்த்திருக்கிறான். அதுவரை நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. வெறிநோய்த் தடுப்பூசி ஏழு மாதம் முன்பு நானே போட்டேன்.
>
> கேட்பது: முதுகுத் தண்டுவடக் காயம் என்று சந்தேகம். ஸ்கேன் எடுத்து, அறுவை தேவையா என்று முடிவு செய்ய வேண்டுகிறேன்.
>
> பார்த்தவை (8:10, வலி மருந்துக்கு முன், திரவம் ஏற்றிய பின்): நினைவு தெளிவு. முன்னங்கால்கள் விறைத்து நீண்டுள்ளன, ஆனால் பாதம் திருப்பும் சோதனை இயல்பு. பின்னங்கால்களில் தானாக அசைவு இல்லை. முழங்கால் அனிச்சை, கால் இழுக்கும் அனிச்சை இரண்டும் உண்டு. பின்னங்கால்களில் மேல்தோல் வலி இல்லை. ஆழ்ந்த வலி: ஃபோர்செப்ஸால் விரல் எலும்பை அழுத்தியபோது இடதில் உடனே தலையைத் திருப்பியது, வலதில் தாமதமாக, ஆனால் திருப்பியது. முதுகுத் தோல் அனிச்சை கடைசி விலாவுக்கு இரண்டு முள்ளெலும்பு பின்னால் நின்றுவிடுகிறது.
>
> நினைப்பது: 13-ஆம் மார்பு முள்ளெலும்பை ஒட்டி முறிவு அல்லது விலகல்.
>
> செய்தவை: ரிங்கர் லாக்டேட் 200 மில்லி, 7:40 முதல். ப்யூப்ரினார்ஃபின் 0.3 மி.கி., தசையில், 8:25. சிறுநீர்க் குழாய் மூலம் 140 மில்லி, தெளிவு, 8:20, குழாயை எடுத்துவிட்டேன்.
>
> செய்யாதவை: ஸ்டீராய்டு கொடுக்கவில்லை. மெலாக்ஸிகாம் போன்றவை கொடுக்கவில்லை. எக்ஸ்ரே எடுக்கவில்லை. மார்பைக் காதால் கேட்டும் வயிற்றைக் கையால் தொட்டும் மட்டுமே பார்த்தது.
>
> உரிமையாளருக்குச் சொன்னது: நடக்க வாய்ப்பு உண்டு, உறுதி இல்லை, அறுவை வேண்டியிருக்கலாம், சிறுநீரை நாள் கணக்கில் நாமே எடுக்க வேண்டி வரலாம். அறுவைக்குச் சம்மதம். ஆழ்ந்த வலி போய்விட்டிருந்தால் முடிவெடுக்கும் முன் தன்னைத் தொலைபேசியில் கேட்கச் சொல்கிறார்.

இதில் சில வரிகளுக்கு விளக்கம் தேவை.

மோதியதை யார் பார்த்தார்கள் என்பதும் தடுப்பூசியும் முதலில் வருவதற்குக் காரணம் வெறிநோய். பின்னங்கால் விழுந்த நாயை வீட்டுக்காரர் வாசலில் கண்டெடுத்து "வண்டியில அடிபட்டிருக்கும்" என்று ஊகமாகச் சொல்வது சகஜம். வெறிநோயின் வாத வகையும் அப்படியே வரும். வாயைத் திறந்து பார்த்தவர், குழாய் செருகியவர், முகவாயைப் பிடித்துக்கொண்ட பையன் எல்லோரும் அதில் மாட்டுவார்கள். யாரும் பார்க்காத விபத்து என்றால் அதை அப்படியே எழுத வேண்டும்: "விபத்து என்பது ஊகம்."

"செய்யாதவை" என்ற தலைப்பு அந்தப் பழைய தொலைபேசி அழைப்பின் குழந்தை. ஒரு மருந்தின் பெயர் கடிதத்தில் இல்லை என்றால் அது கொடுக்கப்படவில்லை என்று பொருளா, எழுத மறந்தார்கள் என்று பொருளா என்பது படிக்கிறவருக்குத் தெரியாது. ஸ்டீராய்டை இப்போது நான் தொடுவதில்லை. முதுகு அடிக்கு அது பலன் தரும் என்ற நம்பிக்கை தளர்ந்து நாளாகிறது. மெலாக்ஸிகாமை நிறுத்தி வைத்தது வேறு காரணம்: ரத்த ஓட்டம் குறைந்து வந்த நாய்க்கு அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

எக்ஸ்ரே பக்கத்து ஊரில் எடுக்கலாம்தான். ஒன்றரை மணி நேரம் போகும், மல்லாக்கத் திருப்புவார்கள், அப்படியும் முள்ளெலும்பு முறிவில் கணிசமானவை அதில் தப்பிவிடும். சுத்தமாக வந்த படம் யாரையாவது தைரியப்படுத்தி, நாயைப் பலகையிலிருந்து அவிழ்த்துவிட வைக்கும். அதைவிட "எடுக்கவில்லை" என்ற ஒரு சொல் மேல்.

பாதிப்பை எண்ணாக எழுதாததும் வேண்டுமென்றே. "நிலை 5" என்பதுபோல ஓர் எண்ணைச் சுருக்கமாக எழுதலாம். ஆனால் புழக்கத்தில் இரண்டு அளவுகோல்கள் இருக்கின்றன, எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. ஒன்றில் 5 என்றால் வெறும் முதுகு வலி, நாய் நடக்கிறது. மற்றதில் 5 என்றால் ஆழ்ந்த வலியே போய்விட்டது. எந்த அளவுகோல் என்று சொல்லாமல் எழுதிய எண், எழுதாததைவிட மோசம்.

கடிதத்தைப் பேரன் கையில் கொடுத்தேன். ஒரு படம் எடுத்து மருத்துவமனைக்கும் அனுப்பிவிட்டு, தொலைபேசியில் இரண்டு வரியும் சொன்னேன். வண்டி 8:50-க்குக் கிளம்பியது. நான்கு மணி நேரப் பயணம். பாட்டி ஏறும்போது, "தம்பி, வழியில தண்ணி கேட்டா குடுக்கலாமா?" என்றார். வேண்டாம், மயக்க மருந்து கொடுப்பார்கள் என்றேன்.

பத்து நாள் கழித்து மருத்துவமனையிலிருந்து பதில் வந்தது. சி.டி. ஸ்கேனில் 13-ஆம் மார்பு முள்ளெலும்பின் பின்விளிம்பு உடைந்து, அடுத்த எலும்போடு கொஞ்சம் விலகியிருக்கிறது. 13:05-க்கு அவர்கள் சோதித்தபோது இடதில் வலி சரி, வலதில் தாமதம். வலது பக்கத்தில் தாமதத்தை மட்டும் தனியாகப் பார்த்திருந்தால் நிலை மோசமாகிக்கொண்டு வருகிறது என்று பயந்திருப்போம், காலையிலும் அதே தாமதம்தான் என்று எழுதியிருந்ததால் மாறவில்லை என்று தெரிந்தது என்று அங்குள்ள அறுவை மருத்துவர் எழுதியிருந்தார். அன்று மாலையே கம்பியும் எலும்புச் சிமெண்டும் வைத்து நிலைநிறுத்தியிருக்கிறார்கள். ஒன்பதாம் நாள் தானாகச் சிறுநீர் கழித்தது. ஐந்தாறு வாரத்தில் என்னிடம் தையல் தழும்பைக் காட்ட வந்தபோது குடிகாரன் நடையில், பின்பக்கம் இடதும் வலதுமாக ஆடிக்கொண்டு, என் மேசைக்காலில் ஒரு முறை மோதிவிட்டு நின்றது. வலது பின்பாதத்து நகங்கள் தரையில் உரசி மழுங்கியிருந்தன.

பதில் கடிதத்தின் கடைசி வரியில் ஒரு கேள்வி இருந்தது. "கடைசியாக எப்போது சாப்பிட்டது என்று எழுதவில்லையே? மயக்க மருத்துவர் அந்தப் பாட்டியை எழுப்பிக் கேட்க வேண்டியதாயிற்று. காலையில் ஆறு மணிக்கு ஒரு கிண்ணம் பால்சோறாம்."

தண்ணீர் வேண்டாம் என்று வாயால் சொன்னவன், அதற்கு மேல் யோசிக்கவில்லை. கடிதத்தாள் கட்டின் முதல் தாளில், எடைக்குப் பக்கத்தில், பேனாவால் ஒரு கட்டம் போட்டு வைத்திருக்கிறேன்: கடைசிச் சாப்பாடு, மணி.